ரசீதின் போட்டோவை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது எப்படி: கண்டது, கணித்தது, தெரியாதது

*"கைமாற்றுப் பண வழக்கு ஒன்றில், ரசீதின் போட்டோவை ஆய்வு செய்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். கணினித் தடயவியல் படித்திருக்கிறேன். இதுதான் என் முதல் அறிக்கை. வக்கீல் ‘போலியா நிஜமா, ஒரே வரியில் எழுதிக் கொடுங்க’ என்கிறார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. எவ்வளவு உறுதி, எது தெரியாது என்பதை மழுப்பாமல் எப்படி எழுதுவது?"*

அந்த ஒரே வரியை எழுதாதீர்கள். கோப்பு பழுதாகாமல் வந்ததா, கேமராவிலிருந்து நேரே வந்ததா, எடுத்த பிறகு உள்ளே ஏதாவது மாற்றப்பட்டதா, படத்தில் தெரியும் காகிதம் உண்மையானதா என்று நான்கு தனித்தனிக் கேள்விகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. முதல் கேள்விக்கு அநேகமாக அடித்துச் சொல்லலாம். இரண்டாவதற்குப் பல நேரம் சொல்லலாம். மூன்றாவதற்கு எவ்வளவு பலத்தோடு என்று அளந்துதான் சொல்ல முடியும். நான்காவதற்குப் படக்கோப்பில் பதில் கிடையாது. நான்கையும் ஒரே "போலி" அல்லது "நிஜம்" என்ற சொல்லில் அடைத்தால், குறுக்கு விசாரணையில் மிகப் பலவீனமான பதிலைப் பிடித்து மிகப் பலமான பதிலையும் சேர்த்து இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நேரே ஒரு மாதிரி வழக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்தது; எண்களையும் கணக்கு எளிதாக இருக்கும்படி வைத்திருக்கிறேன். கொடுத்தவர் ரூ. 4,50,000 கொடுத்தேன் என்கிறார். வாங்கியவரோ 1,50,000தான் வாங்கினேன், ரசீதின் போட்டோவில் ஒன்றை நான்காக்கிவிட்டார்கள் என்கிறார். காகிதம் தொலைந்துவிட்டது. முதலில் உங்களிடம் வருவது வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்த பிரதி, `IMG-20250214-WA0011.jpg`. அளவு 1200×1600 பிக்சல். சில வாரம் கழித்து, போட்டோ எடுத்தவரின் போனிலிருந்து "ஒரிஜினல்" என்று ஒரு பென் டிரைவில் `IMG_20250214_113042.jpg` வருகிறது. அளவு 3000×4000. முன்னதைப் பொருள் 1, பின்னதைப் பொருள் 2 என்று அழைக்கிறேன். அறிக்கையிலும் இப்படியே பெயர் வைத்துக்கொள்ளுங்கள், பின்னதை "மூலம்" என்று எழுதாதீர்கள். அது மூலம் என்பது கோப்பைத் தந்தவரின் கூற்று. "பொருள் 1", "பொருள் 2" போதும்.

முதல் பக்கம்

கையில் வந்த உடனே, திறந்து பார்ப்பதற்கு முன்பே, ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், எடுத்துவிட வேண்டும். பிறகு நகலில்தான் வேலை.

```
sha256sum IMG-20250214-WA0011.jpg IMG_20250214_113042.jpg
exiftool -a -u -G1 -s IMG_20250214_113042.jpg
```

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்திலும் ஹாஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. அதில் ஒரு பகுதியைத் தரப்பினரும் மற்றொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். பலர் இந்தச் சான்றிதழையே "படம் உண்மை என்பதற்கான சான்று" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹாஷ் சொல்வது ஒன்றே ஒன்று: நீங்கள் ஆய்வு செய்ததும் நீதிமன்றத்தில் இருப்பதும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பு உங்களிடம் வருவதற்கு முந்தின நாள் திருத்தப்பட்டிருந்தால் ஹாஷுக்கு அது தெரியாது. இதை அறிக்கையில் ஒரு வாக்கியமாகவே எழுதிவிடுங்கள்.

எப்படி வந்தது என்பதும் முதல் பக்கத்தில் வேண்டும். பென் டிரைவில் வந்ததா, மின்னஞ்சலிலா, போனை நீங்களே கையில் வாங்கி எடுத்தீர்களா? போன் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் "கைபேசி ஆய்வுக்குத் தரப்படவில்லை" என்று எழுதுங்கள். கேட்டும் தரவில்லை என்றால், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. இங்கேதான் ஒரு வேலை இருக்கிறது. "இது போலியா?" என்ற கேள்வியை, ஒன்றோடொன்று மோதும் இரண்டு கூற்றுகளாக மாற்றி எழுத வேண்டும். முதல் கூற்று: படம் எடுக்கப்பட்ட பிறகு, தொகையின் முதல் இலக்கம் மென்பொருளில் மாற்றப்பட்டது. இரண்டாம் கூற்று: படத்தின் உள்ளடக்கம் மாற்றப்படவில்லை, வெளிச்சம் கூட்டுவதற்காக மென்பொருளில் திறந்து மறுபடி சேமிக்கப்பட்டது, அவ்வளவுதான். இந்த இரண்டாம் கூற்றை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். மறுதரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டு, அவர்கள் சொல்வதையே வையுங்கள். எதிர்க்கூற்று மாறினால் உங்கள் முடிவின் பலமும் மாறும்.

இன்னொன்று: யாரோ பேனாவால் காகிதத்திலேயே ஒன்றை நான்காக்கிவிட்டுப் போட்டோ எடுத்திருந்தால், அதுவும் இரண்டாம் கூற்றுக்குள்தான் வருகிறது. படம் அசலாகவே இருக்கும், ரசீது திருத்தியதாக இருக்கும். இந்த எல்லையைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் தள்ளாமல், கூற்றுகளுக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். நீதிபதிக்கு உண்மையில் தேவைப்படும் கேள்விக்கும் உங்களால் பதில் சொல்ல முடிந்த கேள்விக்கும் உள்ள தூரம் அதுதான்.

கண்டது வேறு, அதன் பொருள் வேறு

இரண்டாம் பொருளின் எக்ஸிஃப் தகவலில், அதாவது கேமராவும் மென்பொருளும் படக்கோப்புக்குள் எழுதி வைக்கும் குறிப்புகளில், இப்படிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: `DateTimeOriginal` 11:30:42, `ModifyDate` 12:08:51, `Software` என்ற இடத்தில் ஒரு திருத்து மென்பொருளின் பெயர். அதே மாடல் போனில் நீங்கள் எடுத்துப் பார்த்த சோதனைப் படங்களில் இருக்கும் குவாண்டைசேஷன் அட்டவணை இதில் இல்லை. அந்த மென்பொருள் போடும் அட்டவணை இருக்கிறது. (ஜேபெக் எந்த விவரத்தை எவ்வளவு முரடாக வெட்டித் தள்ளலாம் என்று குறித்து வைக்கும் 64 எண்களின் கட்டம் அது. பல கேமராக்களும் மென்பொருள்களும் தமக்கென்று ஒன்றை வைத்திருக்கும்.)

இதிலிருந்து "படம் திருத்தப்பட்டது" என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. கண்டது இவ்வளவுதான்: இந்தக் கோப்பு கேமரா எழுதியபடியே இல்லை, ஒரு மென்பொருள் அதைக் கடைசியாகச் சேமித்திருக்கிறது. இதை உறுதியாக எழுதலாம், இரண்டு தனித்தனித் தடங்கள் சொல்கின்றன. ஆனால் போனில் படத்தை நேராகத் திருப்பி ஓரத்தை வெட்டினாலும் இதே தடங்கள்தான் கிடைக்கும். நேரமும் அப்படித்தான்: 11:30 என்பது போனின் கடிகாரம் சொன்னது, அந்தக் கடிகாரம் சரியாக ஓடியதா என்று நீங்கள் பார்க்கவில்லை. அந்த இடத்தில் வேறு நேரத்தை எழுதி வைப்பதும் கஷ்டமான வேலை இல்லை.

இந்த இடைவெளியில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லோரும் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர் பால் ஹான்சன் 2012 நவம்பரில் காசா நகரில் எடுத்த படம், குழந்தைகளின் உடல்களைத் தூக்கிக்கொண்டு ஒரு குறுகிய தெருவில் ஊர்வலம் வரும் காட்சி, அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ பரிசைப் பெற்றது. 2013 மே மாதம் ஓர் ஆய்வாளர், அது பல படங்களை ஒட்டிச் செய்தது என்று வெளிப்படையாக எழுதினார். அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று, கோப்புக்குள் இருந்த திருத்த வரலாறு; இன்னொன்று, ஜேபெக் கோப்பைச் சுருக்க அழுத்தும்போது விழும் அழுத்தப் பிழையை நிறமாகக் காட்டும் சோதனை; மூன்றாவது, நிழல்களின் திசை. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பரிசு அமைப்பு தனி நிபுணர்களை அழைத்தது. கேமராவின் ரா கோப்பையும் பரிசு பெற்ற ஜேபெக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்கள் பார்த்தார்கள். நிறமும் தொனியும் படம் முழுக்கவும் சில இடங்களில் தனியாகவும் மாற்றப்பட்டிருக்கின்றன; அதைத் தாண்டிக் குறிப்பிடத்தக்க திருத்தத்துக்கோ ஒட்டு வேலைக்கோ ஆதாரம் எதையும் காணவில்லை என்று எழுதினார்கள்.

அந்த முடிவின் வாசகத்தைப் பாருங்கள். என்ன மாறியிருக்கிறது என்பதை மறைக்காமல் முதலில் சொல்கிறது. எதற்கு ஆதாரம் இல்லை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. "படம் நூற்றுக்கு நூறு அசல்" என்று அதில் இல்லை. கூடவே, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது தெரிகிறது. ரா கோப்பு கையில் இருந்ததால்தான் அவ்வளவு தூரம் சொல்ல முடிந்தது. வெறும் ஜேபெக் மட்டும் இருந்திருந்தால் அதே நிபுணர்கள் அதைவிடக் குறைவாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

"எதுவும் கிடைக்கவில்லை" என்பதன் எடை

இனி முதல் பொருளுக்கு வருவோம், வாட்ஸ்அப் பிரதி. வழக்கமான சோதனைகள் எல்லாம் செய்துவிட்டீர்கள். தொகை எழுதிய இடத்தில் எதுவும் பிடிபடவில்லை. "திருத்தத்துக்கான தடயம் ஏதும் இல்லை" என்று எழுதினால், வாசிக்கும் யாரும் "திருத்தப்படவில்லை" என்றே எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர்கள் புரிந்துகொண்டது தவறு. அந்தத் தவறுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஏன் எதுவும் பிடிபடவில்லை என்று யோசியுங்கள். ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாக அழுத்துகிறது. கேமரா ஒருமுறை அழுத்திய படத்தைத் திருத்தி மறுபடி சேமித்தால், தொடாத இடங்களில் இரண்டு முறை அழுத்திய தடம் இருக்கும். புதிதாக வரைந்த அல்லது ஒட்டிய இடத்தில் அந்தப் பழைய தடம் இருக்காது. இன்னொரு ஜேபெக்கிலிருந்து வெட்டி ஒட்டினால்கூட, அதன் சதுரக் கட்டம் இந்தப் படத்தின் கட்டத்தோடு தற்செயலாகப் பொருந்த 64இல் ஒரு வாய்ப்புதான். நாம் தேடும் வித்தியாசம் இதுதான். ஆனால் வாட்ஸ்அப் 3000×4000ஐ 1200×1600 ஆகச் சுருக்கியபோது பிக்சல்களையே புதிதாகக் கணக்கிட்டு எழுதிவிட்டது. பழைய சதுரங்கள் கலைந்துவிட்டன. 60 பிக்சல் உயரமிருந்த இலக்கம் 24 பிக்சலாகிவிட்டது. அதாவது செங்குத்தாக மூன்றே சதுரம். எக்ஸிஃப் தகவலும் கழன்றுவிட்டது. மழையில் நனைந்த மண்ணில் கால்தடம் தேடுவது போன்றது இது. தடம் இல்லை என்பதை வைத்து யாரும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

இதை வாயால் சொன்னால் மழுப்பல் போலத்தான் தெரியும். அதனால் அளந்து காட்டுங்கள். அதே மாடல் போனில், அதே போன்ற காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ரசீதுகளை, அதே வெளிச்சத்தில் படம் எடுங்கள். நூறு படங்களில் எந்த இலக்கத்தையும் மாற்றாமல், அதே மென்பொருளில் திறந்து வெளிச்சம் மட்டும் கூட்டிச் சேமியுங்கள். இருபது படங்களில் ஓர் இலக்கத்தை மாற்றிச் சேமியுங்கள். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த பிரதிகளை வேறொருவரிடம் கொடுத்து எண்ணிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். எது எதுவென்று தெரியாமல் சோதியுங்கள்.

மாற்றிய 20இல் 5தான் பிடிபட்டன, 15 தப்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மாற்றாத 100இல் 4 தவறாகச் சிக்கின, 96 சிக்கவில்லை. உங்கள் வழக்கில் கிடைத்தது "எதுவும் பிடிபடவில்லை". மாற்றாத படமாக இருந்தால் இப்படி வர வாய்ப்பு 0.96. மாற்றிய படமாக இருந்தால் 15/20, அதாவது 0.75. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.28. ஒன்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் சோதனை இந்தப் பிரதியைப் பொறுத்தவரை இரு தரப்பில் யாருக்கும் உதவவில்லை.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: "பொருள் 1இல் தொகை எழுதப்பட்ட பகுதியில் திருத்தத்தின் தடம் எதுவும் காணப்படவில்லை. ஆனால் இதே முறையில் தயாரித்து அனுப்பப்பட்ட, இலக்கம் மாற்றப்பட்ட 20 சோதனைப் படங்களில் 15இலும் தடம் காணப்படவில்லை. எனவே தடம் காணப்படாமை, இலக்கம் மாற்றப்பட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க உதவாது." இதில் மழுப்பல் எங்கே இருக்கிறது? தெரியாது என்பதையே எவ்வளவு தெரியாது என்று எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள். வக்கீல் முகம் சுளிக்கலாம். ஆனால் இந்த வாக்கியத்தைக் குறுக்கு விசாரணையில் யாராலும் அசைக்க முடியாது.

கிடைத்தபோது எவ்வளவு உறுதி

இரண்டாம் பொருளில் கதை வேறு. இது சுருக்கப்படவில்லை. படம் முழுக்க இரண்டு முறை அழுத்திய தடம் இருக்கிறது. தொகையின் முதல் இலக்கத்தைச் சுற்றி ஒரு சிறு பகுதியில் மட்டும் இல்லை.

உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டு வெளுத்துப்போன வெறும் காகிதப் பரப்பிலும் இந்தத் தடம் இருக்காது, ஏனென்றால் அங்கே அழுத்துவதற்கு விவரமே இல்லை. ஆகவே தொகையின் மற்ற ஐந்து இலக்கங்கள், தேதியில் உள்ள இலக்கங்கள் எல்லாவற்றிலும் அதே சோதனையைச் செய்து பாருங்கள். அதே பேனா, அதே காகிதம், அதே வெளிச்சம். அவை எல்லாவற்றிலும் தடம் இருந்து, இந்த ஓர் இலக்கத்தில் மட்டும் இல்லையென்றால், காகிதத்தின் வெளுப்பு காரணமில்லை என்று சொல்ல உங்களிடம் காரணம் இருக்கிறது. பெரிதாக்கிய படத்தில் இந்த இலக்கத்தையும் பக்கத்து இலக்கத்தையும் சேர்த்து இணைப்பில் வையுங்கள். தடம் இல்லாத இடத்தை மட்டும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினால், பார்ப்பவருக்கு ஒப்பிட எதுவும் இருக்காது.

இனி பலம். வாட்ஸ்அப்புக்கு அனுப்பாத அதே சோதனைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய 20இல் 17 பிடிபட்டன என்று வைப்போம், 0.85. மாற்றாத 100இல் ஒன்றுகூடத் தவறாகச் சிக்கவில்லை. பூச்சியத்தால் வகுத்து "தவறே நேராத முறை" என்று எழுதிவிடும் ஆசை இங்கேதான் வரும். நூறு முறை பார்த்ததில் ஒரு தடவையும் நேரவில்லை என்பதற்கு, எப்போதும் நேராது என்று பொருளில்லை. புள்ளியியலில் ஓர் எளிய வழி உண்டு: n முறை பார்த்தும் ஒருமுறைகூட நேராவிட்டால், உண்மையான விகிதம் 3/n வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு மூன்று. 0.85ஐ 0.03ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28.

சோம்பல்பட்டு மாற்றாத படங்களிலும் இருபது மட்டுமே சோதித்திருந்தால் 3/20, அதாவது 0.15, வகுத்தால் 6கூட வராது. கோப்பு அதேதான், தடமும் அதேதான். நீங்கள் உழைத்த அளவுக்கே உங்களால் உறுதி சொல்ல முடிகிறது.

இந்த எண்ணைச் சொல்லாக மாற்ற, ஐரோப்பியத் தடயவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஓர் ஏணி இருக்கிறது. 2 முதல் 10 வரை பலவீனமான ஆதரவு, 10 முதல் 100 வரை மிதமான ஆதரவு, அதற்கு மேல் மிதமான பலம், 1,000 தாண்டினால் பலமான ஆதரவு என்று ஏறிக்கொண்டே போகும். 28 என்றால் மிதமான ஆதரவு. "பலமான" என்று எழுதக் கை துடிக்கும், எழுதக் கூடாது. ஏணி முழுவதையும் அறிக்கையின் இணைப்பில் வையுங்கள். "மிதமான" என்ற சொல் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொருவரும் தன் மனத்துக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார்கள்.

இந்த 28ஐ எல்லோரும் தலைகீழாகப் படிப்பார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். "படம் திருத்தப்பட்டிருக்கும் வாய்ப்பு, திருத்தப்படாதிருக்கும் வாய்ப்பைப் போல 28 மடங்கு" என்று இதற்குப் பொருளில்லை. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது என்பதால் மழை பெய்தது என்றாகாது. அதிகாலையில் யாராவது தண்ணீர் தெளித்திருக்கலாம். வாசலைப் பார்த்து, மழை பெய்திருந்தால் இப்படி இருக்க எவ்வளவு வாய்ப்பு, பெய்யாதிருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும்தான் நீங்கள் சொல்கிறீர்கள். நேற்று மேகம் இருந்ததா, அந்த வீட்டில் வாசல் தெளிக்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் மற்ற சாட்சிகளிலிருந்து நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியவை. வங்கிக் கணக்கில் 4,50,000 எடுத்த பதிவு இருந்தால் அது நீதிபதியின் தராசில் விழட்டும், உங்கள் கணக்கில் விழக் கூடாது. முடிந்தால் அந்த விவரங்களைச் சோதனை முடியும் வரை கேட்டுக்கொள்ளவே வேண்டாம். யார் அனுப்பிய கோப்பு என்று தெரியாத ஒரு சக ஆய்வாளர் சோதனையைத் திரும்பச் செய்து பார்ப்பதும் நல்லது. உங்கள் முடிவைச் சொல்லிவிட்டு "சரிபாருங்க" என்றால் அவர் கண்ணுக்கும் அதுவே தெரியும்.

ஆகவே முடிவுப் பத்தி இப்படி வரலாம்:

"பொருள் 2 கேமராவிலிருந்து நேரடியாக வந்த நிலையில் இல்லை, திருத்து மென்பொருள் ஒன்றில் பின்னர் சேமிக்கப்பட்டது. தொகையின் முதல் இலக்கத்தைச் சுற்றிய பகுதியில், மற்ற இலக்கங்களில் காணப்படும் அழுத்தத் தடம் காணப்படவில்லை. இலக்கம் மென்பொருளில் மாற்றப்பட்டிருந்தால் இந்த நிலை எதிர்பார்க்கத் தக்கது. இலக்கம் மாற்றப்படாமல், வெளிச்சம் மட்டும் கூட்டிச் சேமிக்கப்பட்டிருந்தால் இந்த நிலை அரிது. இந்த ஆய்வின் முடிவுகள், இரண்டாம் கூற்றைவிட முதல் கூற்றுக்கு மிதமான ஆதரவு தருகின்றன. இந்த மதிப்பீடு இணைப்பில் உள்ள 120 சோதனைப் படங்களின் அடிப்படையிலானது. மாற்றத்துக்கு முன் அந்த இடத்தில் என்ன இலக்கம் இருந்தது, யார் மாற்றியது, என்ன நோக்கம், காகித ரசீதிலேயே திருத்தம் இருந்ததா என்பவற்றை இந்தக் கோப்பிலிருந்து சொல்ல இயலாது."

கடைசி வாக்கியம் முடிவுப் பத்தியிலேயே இருக்க வேண்டும். எல்லைகளைத் தனித் தலைப்பில் பின்னால் வைத்தால், முடிவை மட்டும் வெட்டி மனுவில் ஒட்டுவார்கள்.

சில சொற்கள்

"போலி" என்று எழுதாதீர்கள், அதில் ஏமாற்றும் எண்ணம் ஒட்டியிருக்கிறது. எண்ணம் பிக்சலில் தெரியாது. "100 சதவீதம்", "ஐயத்துக்கு இடமின்றி" ஆகியவையும் வேண்டாம். இரண்டாவது, தீர்ப்பு எழுதுபவரின் சொல். இவற்றைவிட எனக்கு அதிகப் பயம் தரும் சொல் "ஒத்துப்போகிறது". "காணப்பட்ட தடங்கள் திருத்தத்தோடு ஒத்துப்போகின்றன" என்று எழுதினால் கேட்கக் கனமாக இருக்கும். ஆனால் `Software` என்ற இடத்தில் மென்பொருளின் பெயர் இருப்பது திருத்தத்தோடும் ஒத்துப்போகும், ஓரத்தை வெட்டியதோடும் ஒத்துப்போகும். இரண்டு கூற்றுகளுக்கும் பொருந்தும் ஒன்றை ஒரு கூற்றின் பெயரோடு மட்டும் சேர்த்து எழுதுவது, பொய் சொல்லாமலே சாய்த்துவிடும் வேலை. அந்தச் சொல்லை எழுதினால், வேறு எதனோடெல்லாம் ஒத்துப்போகிறது என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

பலன் தராத சோதனைகளையும் எழுத வேண்டும். அழுத்தப் பிழையை நிறமாகக் காட்டும் சோதனையைச் செய்தீர்கள், இலக்கங்கள் எல்லாமே பளபளவென்று தெரிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு எழுத்தின் விளிம்பு எங்கே இருந்தாலும் அப்படித்தான் தெரியும். "செய்தோம், திருத்திய எழுத்தையும் திருத்தாத எழுத்தையும் பிரித்துக் காட்டவில்லை, முடிவில் பயன்படுத்தவில்லை" என்று ஒரு வரி போதும். எழுதாமல் விட்டால், பத்துச் சோதனை செய்து பிடித்த ஒன்றை மட்டும் காட்டினீர்களா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

வக்கீலிடம் வரைவைக் காட்டும்போது அந்தக் கடைசி வாக்கியத்தையும் 20க்கு 15 என்ற கணக்கையும் எடுக்கச் சொல்வார். மொழியைத் திருத்தலாம், எளிதாக்கலாம், எதை முன்னால் வைப்பது என்று பேசலாம். கண்டதையோ அளவையோ எல்லையையோ எடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு உதவ வேறு வழி இருக்கிறது: உறுதியைக் கூட்டக்கூடிய பொருள் எது என்று அறிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள். இந்த வழக்கில் அது படம் எடுத்த போன். அதில் திருத்துவதற்கு முந்தைய கோப்பு, நீக்கிய படங்களின் பெட்டியிலோ வேறு சேமிப்பிலோ இருக்கலாம். அது கிடைத்தால் 28 என்ற கணக்குக்கே வேலையில்லை; இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அப்படிக் கிடைத்து உங்கள் முடிவு மாறினால் பழைய அறிக்கையைத் திருத்தாதீர்கள். புதிய தேதியிட்டுத் துணை அறிக்கை எழுதி, முதல் அறிக்கையின் எந்தப் பத்தி எதனால் மாறுகிறது என்று எண் குறிப்பிட்டு, இரண்டையும் சேர்த்தே தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.